கடை மேசையில் எந்த க்யூஆர்: தனி வாலட்டா, லங்கா க்யூஆரா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் தருவது பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாய்தான். சில்லறைத் தட்டுப்பாடு தாங்காமல் போனில் காசு வாங்கத் தொடங்கினேன். முதலில் ஒட்டியது ஒரு வாலட் கம்பனியின் சொந்த க்யூஆர். சில மாதங்களில் அதைக் கழற்றிவிட்டு, வங்கியில், பல வங்கி ஆப்களுக்கும் பொதுவான லங்கா க்யூஆர் எடுத்தேன். இன்றும் மேசையில் இருப்பது அதுதான்.

ஸ்கான் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். வாலட்டில் வாடிக்கையாளருக்கு அவ்வப்போது காஷ்பேக் கிடைத்தது. லங்கா க்யூஆரில் அது அந்தந்த வங்கியின் விருப்பம். சலுகை மட்டும் பார்த்தால் வாலட் கொஞ்சம் மேல்.

என்னை மாற வைத்தது வேறு விஷயம். மாணவர் போனை எடுப்பார், ஸ்டிக்கரைப் பார்ப்பார். "அண்ணை, என்னட்ட இந்த ஆப் இல்லையே" என்பார். அவரிடம் காசு இருக்கிறது, ஆப்பும் இருக்கிறது. என் ஸ்டிக்கரும் அவருடைய ஆப்பும்தான் வேறு.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. ஊரில் மூன்று மூடிய ஆப்கள், அதாவது தன் சொந்த ஸ்டிக்கரில் மட்டும் வேலை செய்யும் ஆப்கள், இருக்கின்றன, கடைகளும் ஆட்களும் ஆளுக்கொன்றாக 50, 30, 20 வீதம் பிரிந்திருக்கிறார்கள் என்று வைப்போம். ஒரு கடையும் ஒரு வாடிக்கையாளரும் ஒரே ஆப்பில் சந்திக்கும் வாய்ப்பு 25, 9, 4 வீதங்களின் கூட்டு, அதாவது 38 வீதம். பெரிய ஆப் 70 வீதத்துக்கு வளர்ந்து, மற்ற இரண்டும் 20, 10 ஆகச் சுருங்கினால் அதே வாய்ப்பு 49, 4, 1 என்று 54 வீதமாகிறது. ஆனால் 10 வீத ஆப்பை வைத்திருப்பவருக்குப் பத்துக் கடையில் ஒன்றில்தான் அது வேலை செய்யும். அவர் பெரிய ஆப்புக்குப் போவார். அவர் போனதும் மிச்சக் கடைக்காரரும் சின்ன ஸ்டிக்கரைக் கழற்றுவார்கள். வலையமைப்பு விளைவு என்பது இந்தச் சுழற்சிதான். மூடிய ஆப்களில் ஒன்று ஊரைப் பிடிக்க, அது மற்றவற்றைவிட நல்ல ஆப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. முன்னால் போயிருந்தால் போதும்.

மூன்று ஸ்டிக்கரையும் ஒட்டினால் என்ன? அதையும் செய்து பார்த்தேன். இரவு கடை பூட்டும்போது மூன்று ஆப்பில் வரவு பார்க்க வேண்டும், மூன்று இடத்திலிருந்து காசை வங்கிக்கு எடுக்க வேண்டும். நூறு ரூபாய் வரவுகளுக்கு அந்த அரை மணி நேரம் கட்டுப்படியாகவில்லை. வாடிக்கையாளருக்கும் அதே கஷ்டம்: ஒவ்வொரு வாலட்டிலும் முன்கூட்டியே காசு போட்டு வைக்க வேண்டும், ஒன்றில் கிடக்கும் காசு மற்றதற்கு உதவாது. இந்தச் சிரமம்தான் ஆட்களை ஒரே ஆப்பை நோக்கித் தள்ளுகிறது.

லங்கா க்யூஆர் மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம். க்யூஆருக்குள் என் கடையின் அடையாளமும் என் வங்கியும் பொதிந்திருக்கின்றன. வாடிக்கையாளர் வேறு வங்கியின் ஆப்பால் ஸ்கான் செய்தாலும், லங்காபே வலையமைப்பு வழியாகக் காசு என் கணக்குக்கு வருகிறது. ஆப் எதுவானாலும் அது இந்தத் தரத்தில் இருந்தால் போதும், மேலே போட்ட 38 வீதம் 100 ஆகிவிடும். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் பொதுப் பணப்பரிமாற்ற முறையான யூபிஐயும் இதனோடு இணைக்கப்பட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சென்னைக்காரர் ஒருவர் தன் போன்பே ஆப்பால் இதே ஸ்டிக்கரில் கட்டினார்.

அதற்காக, பொதுத் தரம் வந்தால் எந்த ஆப்பும் தலையெடுக்காது என்று சொல்லமாட்டேன். யூபிஐ 2016இல் வந்தபோதே எல்லா வங்கிக்கும் பொதுவாகத்தான் வந்தது. இருந்தும் அங்கே 80 வீதமளவு பரிவர்த்தனைகள் போன்பே, கூகிள் பே என்ற இரண்டில் நடக்கின்றன. ஒரு ஆப்புக்கு 30 வீத உச்சவரம்பு வைக்கும் விதி 2020இல் அறிவிக்கப்பட்டு, 2026 முடிவுவரை தள்ளிப்போடப்பட்டது. பழக்கம், காஷ்பேக், கடைகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஆதிக்கத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் சின்ன ஆப் வைத்திருப்பவர் அங்கே கடை வாசலில் நின்று திரும்புவதில்லை. கடைக்காரனுக்கு அதுதான் முக்கியம்.

என் அனுபவம் சிறு தொகைகளோடு நிற்கிறது. கன்னாதிட்டி நகைக்கடை போல இலட்சக்கணக்கில் வாங்குபவர்கள் கட்டணத்தையும் நாளாந்த உச்சத்தொகையையும் வங்கியில் தனியாகக் கேட்க வேண்டும். லங்கா க்யூஆர் எடுப்பவர்கள் ஸ்டிக்கரை ஒட்டுமுன் இரண்டு வேறு வங்கி ஆப்களால் பத்துப் பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சாமானைக் கொடுக்காமல், உங்கள் போனுக்கு வரவுச் செய்தி வந்ததும் கொடுங்கள்.