ஒரு பக்கத்தை மீட்க 18,000 ரூபாய் வாங்கி, ஆர்டர்களையும் அழித்துவிட்டார்கள்: காரைக்குடிப் பக்கம் வெப்சைட் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது. ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை.

நாங்கள் சீர்ப் பலகாரம் செய்து கொடுப்பவர்கள். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம். ஆர்டர் பாதி எங்கள் வேர்ட்பிரஸ் சைட்டில்தான் வரும். கிலோ என்ன விலை, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெளியூர்ப் பார்சல் எப்படி என்பதெல்லாம் அதில் ‘மொத்த ஆர்டர்’ என்ற ஒரே பக்கத்தில் இருந்தது. சைட்டைப் பார்த்துக்கொள்வது டவுனில் உள்ள ஒரு வெப் டிசைன் ஆபீஸ்.

சைட் போட்ட அன்றே அங்கிருந்தவர், “அக்கா, அட்மின் பாஸ்வேர்டு எங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எதையாவது தட்டிட்டா சைட்டே போயிரும்” என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். எனக்குத் தந்த லாகினில் ஆர்டர்கள் மட்டும் தெரியும். Pages என்ற மெனுவே இருக்காது. ஆர்டர் வந்தால் போகும் மெயிலும் அவர்கள் ஐடிக்குத்தான்.

தீபாவளிக்கு விலை மாற்றச் சொன்னேன். அங்கே வேலை பார்க்கும் பையன் வேறு யாருக்கோ எழுதியதை எங்கள் பக்கத்தில் ஒட்டி Update அழுத்திவிட்டான். மனகோலம் இருந்த இடத்தில் ஏசி டபுள் ரூம் வாடகை! போன் போட்டால், “பழைய பக்கம் அழிஞ்சிருச்சுக்கா, டேட்டா ரெகவரி பண்ணணும், 18,000 ஆகும்” என்றார்கள். தப்பு அவர்களுடையது, காசு எங்களிடம். தீபாவளி நெருக்கம், வேறு வழி தெரியாமல் ஜிபேயில் 18,000 அனுப்பினேன். மறுநாள் காலையில் பக்கம் வந்துவிட்டது. சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கூப்பிட்டு, “பணம் கட்டியாச்சே, பார்சல் எங்கம்மா?” என்றார்கள். லிஸ்டில் அவர்கள் பெயரே இல்லை. பார்த்தால் போன மாதக் கடைசியோடு ஆர்டர் லிஸ்ட் நின்றுவிட்டது. இந்த மாதம் வந்த ஒன்றுகூட இல்லை. ஆபீஸைக் கேட்டால் முதலில் “ஹோஸ்டிங் பிரச்சனை”, அப்புறம் “கேச் கிளியர் பண்ணிப் பாருங்க”, அதற்கப்புறம் “சார் மீட்டிங்ல இருக்கார்”. இப்போது போனே எடுப்பதில்லை.

அண்ணன் மகன் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். ஊருக்கு வந்தவன் நேரே ஆபீஸுக்குப் போய் அட்மின் பாஸ்வேர்டை வாங்கி வந்தான். ஹோஸ்டிங் பேனலைத் திறந்ததும் தெரிந்துவிட்டது: இந்த மாதம் 1ஆம் தேதி எடுத்து வைத்த பேக்கப்பைப் போட்டு, டேட்டாபேஸ் முழுவதையும் அந்தத் தேதிக்கே பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்காக! ஆர்டர்களும் அதே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. 1ஆம் தேதிக்கு அப்புறம் வந்ததெல்லாம் அதோடு போயிற்று.

செய்திருக்க வேண்டியது என்ன என்று வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினான். எடிட்டரில் வலது பக்கம் Revisions என்று ஒரு எண்ணோடு இருக்கிறது. ஒவ்வொரு முறை Update அழுத்தும்போதும் வேர்ட்பிரஸ் ஒரு நகலைத் தானாகவே எடுத்து வைக்கிறது. யாராவது நிறுத்தி வைக்காதவரை இதற்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. அதை அழுத்தினால், யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று வருகிறது. நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில். மேலே கோட்டில் உள்ள பட்டனை இழுத்துச் சரியான தேதிக்குப் போய் Restore This Revision அழுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் பழையபடி ஆகிவிடும். ஆர்டரில் கை படாது. மீட்டதும் ஒரு புது நகலாகச் சேருவதால், தப்பான தேதியை எடுத்துவிட்டாலும் திரும்பப் போகலாம். இதற்கா 18,000 ரூபாய்?

அவன் சொன்ன இன்னொன்று வயிற்றெரிச்சலைக் கூட்டியது. இந்த நகல்களும் அதே டேட்டாபேஸில்தான் இருக்குமாம். டேட்டாபேஸையே பின்னால் தள்ளியதால் ஏசி ரூம் எழுதிய நகல்கூட இப்போது இல்லை. அவர்கள் செய்த தப்புக்குச் சாட்சியும் போய்விட்டது.

பேமென்ட் கேட்வேயில் இருந்த போன் நம்பர்களை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன கேட்டிருந்தீர்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கொடுத்த 18,000 போக, இந்த நஷ்டம் தனி.

விவரமாக எழுத நினைத்தேன், வேலை கிடக்கிறது. அட்மின் லாகின் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆர்டர் மெயில் உங்களுக்கு வர வேண்டும். பக்கம் கெட்டால் யாரிடமும் காசு கொடுப்பதற்கு முன் Revisions பாருங்கள். அது எழுத்தைத்தான் மீட்கும். மீடியாவிலிருந்து அழித்த போட்டோ வராது. பக்கத்தை Trash-இலிருந்தும் நிரந்தரமாக நீக்கிவிட்டால் அதன் நகல்களும் போய்விடும். பழைய பேக்கப்பைப் போட்டு மீட்கிறோம் என்று யாராவது சொன்னால், ஆர்டர் லிஸ்ட்டை முதலில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.