இருக்கா, சரிதானே: வியட்நாமிய மொழியின் இரண்டு கேள்விகள்

வியட்நாமிய மொழியில் ஆம்-இல்லை கேள்வி கேட்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வினைக்கு முன்னால் 'கோ', வாக்கியத்தின் கடைசியில் 'ஃகொங்'. இன்னொன்று, முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுக் கடைசியில் 'ஃபாய் ஃகொங்'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒரே கேள்வியின் இரண்டு உருவங்கள் என்று எடுத்துக்கொண்டு சிக்கிக்கொள்கிறார்கள். தமிழ் வழியாகப் போனால் வேறுபாடு உடனே புரிந்துவிடும்.

முதலில் ஒலி. 'கோ'வில் குரல் மேலே ஏற வேண்டும். இறங்கி ஏறினால் அது 'புல்' என்ற வேறு சொல். 'ஃகொங்' குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் நேராகப் போகும். முதல் ஒலி 'எஃகு' என்று சொல்லும்போது தொண்டையில் வருவதற்குக் கிட்டத்தட்ட இருக்கும். முடியும்போது உதடுகள் மூடிக்கொள்ளும். 'ஃபாய்' கொஞ்சம் இறங்கி ஏறும் குரலில்.

'கோ' என்றால் 'இருக்கிறது', 'ஃகொங்' என்றால் 'இல்லை'. கடைக்குப் போய் "கோ கா ஃபே ஃகொங்?" என்று கேட்டால் "காபி இருக்கா?" என்று பொருள். இருந்தால் பதில் "கோ", இல்லையென்றால் "ஃகொங்" அல்லது "ஃகொங் கோ". நாம் "இருக்கு", "இல்லை" என்று சொல்வது போலவேதான்.

இதே சட்டத்துக்குள் வேறு வினையையும் வைக்கலாம். "ஆன் கோ உவொங் கா ஃபே ஃகொங்?" என்றால் "அண்ணே, காபி குடிப்பீங்களா?" பேச்சில் 'கோ'வைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், "ஆன் உவொங் கா ஃபே ஃகொங்?" என்றாலே போதும். நம் '-ஆ' ஒட்டு செய்யும் வேலையை இந்த 'ஃகொங்' செய்கிறது. கேட்பவருக்குப் பதில் தெரியாது, எந்தப் பக்கமும் சாயாமல் கேட்கிறார். அதுதான் இதன் குணம்.

பதிலுக்கு "கோ" என்று சொல்லலாம். கேள்வியில் வந்த வினையையே திருப்பி "உவொங்" என்றும் சொல்லலாம். "குடிப்பீங்களா?" என்றால் நாமும் "குடிப்பேன்" என்றுதானே சொல்கிறோம். பண்பைக் கேட்கும்போது இது இன்னும் இயல்பு. "ஙோன் ஃகொங்?", அதாவது "ருசியா இருக்கா?" என்று கேட்டால் "ஙோன்!" என்பதுதான் வாயில் வர வேண்டிய பதில். அங்கே வெறும் "கோ" என்றால் மனமில்லாமல் சொன்னது போல இருக்கும்.

இன்னொரு தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். கேள்வியில் 'கோ' இருந்ததால், பதில் வாக்கியத்திலும் அதை நட்டுவிடுகிறார்கள். "தோய் உவொங் கா ஃபே" என்றால் "நான் காபி குடிப்பேன்", அவ்வளவுதான். "தோய் கோ உவொங் கா ஃபே" என்றால் யாரோ மறுத்துப் பேசியதற்கு "குடிக்கத்தான் செய்வேன்" என்று அழுத்திச் சொல்வது போல ஆகிவிடும்.

சரி, 'ஃபாய் ஃகொங்'குக்கு வருவோம். 'ஃபாய்' என்றால் 'சரி, உண்மை'. கேட்பவர் ஏற்கெனவே ஒன்றை நினைத்துவிட்டார், அதை உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறார். நம் 'தானே'. "சி லா பாக் சீ ஃபாய் ஃகொங்?" என்றால் "அக்கா, நீங்க டாக்டர்தானே?" பதில் "ஃபாய்" அல்லது "டுங் ரோய்", அதாவது "சரிதான்". இங்கே "கோ" என்று பதில் சொன்னால் பொருந்தாது. கேட்டது ஒன்று இருக்கிறதா என்று இல்லை, நினைத்தது சரியா என்று.

மறுக்கும்போதுதான் தமிழ் பெரிய உதவி. எழுத்துத் தமிழில் 'இல்லை' வேறு, 'அல்ல' வேறு. "பணம் இல்லை" என்போம், "நான் டாக்டர் அல்ல" என்போம். வியட்நாமிய மொழியும் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடுகிறது. பணம் இல்லை என்பதற்கு 'ஃகொங் கோ', டாக்டர் அல்ல என்பதற்கு 'ஃகொங் ஃபாய் லா'. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் 'இல்ல' என்றே பழகிவிட்டதால் நமக்கு 'ஃபாய்' விட்டுப்போகும். "இந்த இடத்தில் அல்ல போட முடியுமா?" என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் 'ஃபாய்' வேண்டும்.

ஒருவர் டாக்டரா என்று சாய்வில்லாமல் கேட்கவும் இதே விதிதான். ஒருவரை இன்னார் என்று சொல்ல வரும் 'லா' உள்ள வாக்கியத்தில் 'கோ'வை நேராக வைக்கக் கூடாது, "சி கோ ஃபாய் லா பாக் சீ ஃகொங்?" என்று 'ஃபாய்' சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கும் பதில் "ஃபாய்" அல்லது "ஃகொங் ஃபாய்".

இவை இரண்டிலும் சேராத ஒரு கேள்வி உண்டு: "அன் கம் சுவா?", "சாப்பிட்டாச்சா?" இதற்குப் பதில் "ரோய்" (ஆச்சு) அல்லது "சுவா" (இன்னும் இல்லை). இங்கே "ஃகொங்" என்றால் சாப்பிடப் போவதே இல்லை என்பது போல ஆகிவிடும்.

எந்தக் கேள்வியை எப்போது எடுப்பது என்பது சாப்பாட்டுக் கடையில்தான் நன்றாகத் தெரியும். நீங்கள் சைவம், சைகோனில் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டைக் காட்டி "மோன் நை ஃகொங் கோ தித் ஃபாய் ஃகொங்?", அதாவது "இதில் கறி இல்லைதானே?" என்று கேட்கிறீர்கள். பரிமாறும் பெண் "யா" என்கிறார். நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள். அங்கேதான் ஆபத்து.

'யா' என்பது மரியாதைச் சொல். வடக்கே, ஹனோய்ப் பக்கம், அதையே 'ஸா' என்பார்கள். பல நேரம் அது 'ஆமாம்' ஆகவும் வரும், ஆனால் அதன் அடிப்படை "கேட்டுக்கொண்டேன், சொல்லுங்க" என்பதுதான். "யா ஃகொங்" என்று மறுப்போடும் சேர்ந்து வருவதே இதற்குச் சான்று. அந்த இரைச்சலில், உங்கள் உச்சரிப்பில், அவர் கேள்வியைப் பாதிதான் பிடித்திருக்கலாம்.

அவர் கேள்வியைச் சரியாகப் பிடித்தாலும் இன்னொரு குழப்பம் மிச்சம். எதிர்மறைக் கேள்விக்கு வியட்நாமியர் நம்மைப் போலத்தான் பதில் சொல்கிறார்கள்: சொன்னது சரியென்றால் "யா ஃபாய்", "ஆமா, இல்லை". இந்த இடத்தில் தமிழர் ஆங்கிலப் பழக்கத்தை மறந்தாலே போதும். ஆனால் பதில் வெறும் "யா ஃகொங்" என்று வந்தால்? "கறி இல்லை" என்றும் எடுக்கலாம், "நீங்க நினைச்சது தப்பு" என்றும் எடுக்கலாம். "இதில் கறி இல்லைதானே?" என்பதற்கு நம் ஊரில் ஒருவர் "இல்லை" என்றாலும் இதே குழப்பம்தான்.

அதனால் உணவு, மருந்து, விலை என்று தவறினால் வருத்தம் தரும் விஷயங்களில் நான் எப்போதும் 'கோ... ஃகொங்' பக்கம்தான். "மோன் நை கோ தித் ஃகொங்?" என்று கேளுங்கள். "கோ" என்றால் இருக்கிறது. "ஃகொங்" அல்லது "ஃகொங் கோ" என்றால் இல்லை. இரண்டாவதாக ஒரு பொருளுக்கு இடமே இல்லை.

அப்புறம், 'தித்' என்றால் இறைச்சி மட்டும்தான். மீன்சாறான 'நுவோக் மாம்' அதில் அடங்காது. அதனால் "கோ நுவோக் மாம் ஃகொங்?" என்று தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் "ஃகொங்" வந்த பிறகு, "மோன் சாய் ஃபாய் ஃகொங்?", "அப்போ சைவம்தானே?" என்று கேளுங்கள். 'ஃபாய் ஃகொங்'குக்கு உரிய இடம் அதுதான். அப்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "யா ஃபாய்" என்றால், அதை நம்பிச் சாப்பிடலாம்.