கேட் மூடும் நேரத்தை நம்பாதீர்கள்: கட்டுநாயக்காவில் அம்மாவின் பயணம் தவறியது

பரிஸ் நகரில் இருக்கும் தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அம்மா போன மாதம் புறப்பட்டார். விமானம் கட்டுநாயக்காவிலிருந்து காலை 9.40க்கு. அவர் அன்று போகவில்லை. யாழ்ப்பாணத்தில் டிக்கெட் போட்டுத் தந்தவர் ஒரு நேரத்தைச் சொல்லி இன்னொரு நேரத்தை மறைத்ததுதான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. "அண்ணை, கேட் மூடுறது 9.20க்குத்தான். ஒன்லைன் செக்-இன்னும் செய்தாச்சு. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் காணும்." வானும் அவருடையதுதான். நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஏறினோம். வவுனியாவில் எங்களுக்குச் சொல்லாமலே இன்னொரு குடும்பத்தை ஏற்ற அரை மணித்தியாலம் நின்றார்கள். புத்தளத்தில் தேநீர். 8.20க்கு இறங்கினோம். வாசலில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் வரிசையைத் தாண்டிக் கவுண்டருக்குப் போகும்போது 8.46. அந்த விமானத்துக்கு 8.40க்கே மூடிவிட்டார்கள்.

"தம்பி, ஒரு பெட்டிதானே" என்று அம்மா கேட்டார். அந்தப் பிள்ளைக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கணினியில் அந்த விமானம் மூடப்பட்டுவிட்டால் பொதிக்கான பட்டி அடிக்க வழியில்லை. பெட்டியை விட்டுவிட்டு அம்மா மட்டும் போகட்டும் என்றேன். விசாவைக் கவுண்டரில் சரிபார்த்த பிறகுதான் ஒன்லைனில் எடுத்த போர்டிங் பாஸ் செல்லும் என்றார்கள். ஒன்லைன் செக்-இன் இருக்கை எடுத்துத் தரும், பெட்டி கொடுக்கும் நேரத்தை ஒரு நிமிடமும் நீட்டாது என்று அங்கே நின்றுதான் அறிந்தேன்.

நேர வித்தியாசம் ஏன் என்று அங்கேயே ஒரு ஊழியர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் கொடுக்கும் பெட்டி பெல்ட்டில் போய் மறுபடி ஸ்கேன் ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் பயணியைத் தேடித் திறந்து பார்க்க வேண்டும். பிறகு விமானவாரியாகப் பிரித்து, வண்டியில் கொண்டுபோய், வயிற்றுப் பகுதியில் ஏற்ற வேண்டும். எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, முன்னாலா பின்னாலா என்று கணக்கெடுத்துத்தான் விமானத்தின் எடையையும் சமநிலையையும் விமானிக்குக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கு முடிந்த பிறகு வருகிற ஒரு பெட்டி எல்லாவற்றையும் குழப்பும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி ஏறி, அதன் உரிமையாளர் ஏறாவிட்டால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். 1985இல் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் விழுந்த எயார் இந்தியா விமானத்தில் வெடித்த குண்டு, ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறி வந்தது. 329 பேர் இறந்தார்கள். ஆளையும் பெட்டியையும் ஒப்பிடும் வேலைக்கும் நேரம் வேண்டும். கேட்டில் நடப்பது ஆட்கள் நடந்து ஏறுவது மட்டும். அதனால்தான் அது புறப்பட 20 நிமிடத்துக்கு முன்வரைக்கும் திறந்திருக்கலாம்.

அம்மாவின் விமானத்துக்குப் பெட்டி கொடுக்கும் கடைசி நேரம் 60 நிமிடம் முன். சில நிறுவனங்களில் 45, சிலவற்றில் 75, 90 கூட. போர்டிங் பாஸில் பெரிய எழுத்தில் இருப்பது கேட் நேரம்தான். மற்றது டிக்கெட்டின் நிபந்தனைப் பக்கத்தில் இருந்தது. முகவர் எங்களுக்கு அனுப்பியது முதல் பக்கத்தை மட்டும். முழு டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். விமான நிறுவனத்தின் தளத்திலும் பெட்டி கொடுக்கும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். அது பெட்டி பெல்ட்டில் ஏற வேண்டிய நேரம், வரிசையில் சேர வேண்டிய நேரம் இல்லை. வரிசை நீளமாக இருந்து நேரம் நெருங்கினால் பேசாமல் நிற்காதீர்கள். விமான இலக்கத்தைச் சொல்லி ஊழியரைக் கூப்பிடுங்கள், முன்னுக்கு எடுப்பார்கள்.

எங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8.40க்குப் பெட்டி கொடுக்க வேண்டும். வாசல் ஸ்கேனுக்கும் வரிசைக்கும் இரண்டு மணித்தியாலம் விட்டால் 6.40க்கு வாசலில் நிற்க வேண்டும். பாதை எட்டு மணித்தியாலம், வழியில் ஒரு ரயர் போனால் என்று இன்னும் ஒன்றரை. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏற வேண்டியது இரவு ஒன்பதுக்கு. எங்களை ஏற்றியது பன்னிரண்டுக்கு.

விமானத்தைத் தவறவிட்டதற்கான தண்டக் கட்டணத்துக்கும் திகதி மாற்றத்துக்குமாக 85,000 ரூபாய் கட்டினோம். குரல் பதிவைப் போட்டுக் காட்டியபோது, "நான் கேட் நேரம் சரியாகத்தானே சொன்னனான்" என்றார் முகவர். வவுனியாவில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அம்மா ஐந்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். பேரன் மூன்று நாள் முன்னமே பிறந்துவிட்டான்.