ஃபார்வர்டா, ஆப்ஷனா: திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு மிஞ்சும் இடர்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர், 3 மாதத்தில் வரவேண்டிய 1,00,000 டாலரை 84 ரூபாய்க்கு விற்பதாக வங்கியோடு ஃபார்வர்டு ஒப்பந்தம் செய்கிறார் என்று கொள்வோம். டாலர் சரியும் இடர் ஏறக்குறைய முழுவதும் நீங்குகிறது. ஆனால், வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டால், அந்த ஒப்பந்தமே இரண்டாம் நிலை இடராக மாறுகிறது: அன்று டாலர் 86 ரூபாயாக இருந்தால், வராத டாலருக்காக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாயை அவர் வங்கிக்குச் செலுத்த நேரும்.

83 ரூபாய்க்கு விற்கும் உரிமை தரும் புட் ஆப்ஷனை வாங்கினால், பிரீமியம் முன்கூட்டியே செலவாகிவிடும். 84-இலிருந்து 83 வரையிலான சரிவும் எஞ்சிய இடராக அவரிடமே நிற்கும். ஆயினும் விற்றே தீரவேண்டிய கடமை இல்லாததால், ஆர்டர் ரத்தானாலும் ஒப்பந்தத்தால் வரும் இழப்பு பிரீமியத்தைத் தாண்டாது. நெடுநாள் வாடிக்கையாளர் என்றால் ஃபார்வர்டு போதும். புதியவரின் முதல் ஆர்டருக்கு ஆப்ஷனே தகும் என்பது என் கருத்து.