மழைமானியை நம்பி எடுத்த பயிர்க் காப்பீடு: மானாவாரி மக்காச்சோளத்தில் என் அனுபவம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவன் நான். எங்கள் உழவர் குழு வழியாகப் பல வருஷமாக மழை அளவுக் காப்பீடு எடுத்து வருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பாலிசியோடு வரும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டில் வயலைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். நம் பகுதிக்கு என்று குறித்த ஒரு மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் பதிவானது, அட்டவணைப்படி அதற்கு எவ்வளவு ரூபாய், அவ்வளவுதான் கணக்கு. இந்தியாவில் இது 2003-ல் அப்போதைய ஆந்திராவின் மகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளிடம் தொடங்கியது. 2007-ல் மத்திய அரசும் இதே பாணியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எங்கள் பக்கம் விதைத்தது முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. மகசூலைப் பார்த்துப் பணம் கொடுக்கும் காப்பீடாக இருந்தால் பயிர் அறுவடைப் பரிசோதனை முடியட்டும், கணக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். மழைக் காப்பீட்டில் அந்தக் கவலை இல்லை. காய்ந்த பயிரில் ஆட்டை விட்டு மேய்த்தேன், உழுதும் போட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பணமும் கோடை உழவுக்கு முன்பே வந்துவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே நான் இதை விடாமல் எடுத்தேன்.

இனி சிக்கலுக்கு வருவோம். எங்கள் பாலிசியில் ஏக்கருக்கு அதிகபட்சமாகக் கிடைப்பது பத்தாயிரம் ரூபாய். பருவத்தை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தார்கள். மூன்றாவது கட்டம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 20 வரை, அதாவது பூவெடுத்து மணி பிடிக்கும் காலம். அதற்கு மட்டும் நாலாயிரம் ரூபாய். மொத்த மழை 60 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், குறைகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 50 ரூபாய். 10 அல்லது அதற்கும் கீழே போனால் முழு நாலாயிரம். உதாரணமாக 24 பெய்தால் குறைவு 36, கைக்கு வருவது 1,800 ரூபாய். 11 பெய்தால் 2,450, 10 பெய்தால் 4,000. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் 1,550 ரூபாய் வித்தியாசம்.

ஒரு வருஷம் நவம்பர் 20 சாயங்காலம் இடி மின்னலோடு 52 மில்லிமீட்டர் கொட்டியது. அதற்குப் பிறகு வானம் வெளுத்துவிட்டது. அந்த வயதில் மக்காச்சோளம் நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும். கரிசலாகவே இருந்தாலும் 52 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுவதே பெரிய காரியம். கதிரில் நூல் வந்த நேரத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காலையிலேயே இலை சுருட்டிக்கொண்டது. டிசம்பர் 17-ல் 9 மில்லிமீட்டர் பெய்ததில் புண்ணியமில்லை, கதிரெல்லாம் பாதி பொக்கை.

குழுவில் கணக்குப் பார்க்கிற தம்பியிடம் போய், “நமக்கு எவ்வளவு வரும்?” என்றேன்.

“ஒண்ணும் வராது அண்ணாச்சி, மொத்தம் 61 ஆயிட்டு” என்றான்.

“52 பெய்தது 20-ம் தேதியில்ல? அது ரெண்டாம் கட்டம்லா?”

“நமக்குத்தான் அது 20-ம் தேதி மழை. ரிஜிஸ்டர்ல 21.”

மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. அந்த 24 மணி நேரத்தில் பெய்தது முடிகிற நாளின் தேதியில்தான் ஏறும். வானிலைத் துறையின் பழைய வழக்கம் இது, கம்பெனி செய்த தந்திரம் இல்லை. இரண்டாம் கட்டத்துக்கு ஏற்கெனவே போதுமான மழை இருந்தது. சாயங்கால மழை 20-ம் தேதியில் ஏறியிருந்தால் மூன்றாம் கட்டத்தில் மிஞ்சுவது 9 மட்டும், முழு நாலாயிரம் வந்திருக்கும். 21-ல் ஏறியதால் ஒரு ரூபாய்கூட இல்லை.

தேதி விஷயம் தற்செயல் என்று விட்டுவிடலாம். மொத்த மழையை மட்டும் பார்க்கிற பாலிசியில் உண்மையான ஓட்டை, ஒரே நாள் மழை ஒரு மாத வறட்சியை மறைத்துவிடுவதுதான். அதனால் இப்போது நான் முதலில் தேடுவது தொடர் வறண்ட நாள் பிரிவு. நாங்கள் இப்போது எடுக்கும் பாலிசியில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்த நாள் வறண்ட நாள். அப்படி 15 நாள் தொடர்ந்தால் பணம் தொடங்கும். அந்த வருஷம் இது இருந்திருந்தால் 25 நாளுக்கு மேல் ஓடியிருக்கும். இதிலும் குறை உண்டு. நடுவில் 3 மில்லிமீட்டர் தூறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அந்தத் தூறல் வெடிப்புக்குள் எங்கே போனது என்றே தெரியாது. ஆனாலும் மொத்த மழையை மட்டும் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் மழைமானி. எங்களுக்குக் குறித்த தானியங்கி மானி ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஐப்பசி இடிமழைக்கு இது பெரிய தூரம், சாலைக்கு அந்தப் பக்கம் பெய்து இந்தப் பக்கம் பெய்யாத நாள் உண்டு. மானிக்குள் புனலுக்குக் கீழே சின்ன சீசா பலகை மாதிரி இரண்டு குழிவு இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் என்று எண்ணிக்கை ஏறும். காக்கை எச்சமோ சருகோ புனல் துளையை அடைத்தால் தண்ணீர் தேங்கி மெதுவாகச் சொட்டும். பதிவைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்: ஊரில் மழை நின்ற பிறகும் மணிக்கணக்காகத் துளித்துளியாக ஏறிக்கொண்டிருந்தால் அடைப்புதான். நான் வீட்டு மொட்டை மாடியில் நேர்ச் சுவர் கொண்ட டப்பாவில் அளக்கிறேன். வாய் அகலம் எவ்வளவு இருந்தாலும் ஸ்கேலில் வரும் உயரமே மில்லிமீட்டர். எட்டரைக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். கம்பெனி இதை ஆதாரமாக ஏற்காது. ஆனால் சில பருவத்துக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மானியை நம்பிப் பிரீமியம் கட்டலாமா என்று தெரிந்துவிடும். நான் மோசம் என்று நினைத்த வருஷங்களில் மானியும் மோசம் என்று காட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இது மழைக்குறைவுக்கு மட்டும் என்பதையும் குழுவில் சேருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். 2018-ல் படைப்புழு குருத்தைத் தின்றபோது இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்போதும் எங்கள் பாலிசிக்கு வேலையில்லை. அதிமழைப் பிரிவு தனிப் பிரீமியம், அந்த வருஷம் நான் எடுத்திருக்கவில்லை.

இந்தப் பருவம் மக்காச்சோளத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறேன், வறண்ட நாள் பிரிவோடு. உழவு, விதை, உரச் செலவுக்கு ஈடாகிற அளவுக்குத்தான். உளுந்துக்கு எடுக்கவில்லை. அது எழுபது நாளில் முடிகிற பயிர், கம்பெனி கொடுத்த கட்டங்கள் நூற்றுப் பத்து நாள் பயிருக்குப் போட்டவை. உளுந்துக்கென்று தனி அட்டவணை போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.