ஒப்படைப்புக் குறிப்பு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

2023 டிசம்பரில், சிங்கப்பூரில் வரும் எங்கள் வட்டாரத் தமிழ் மாத இதழின் ஆசிரியர் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார். கூடவே நான்கு பக்கக் குறிப்பு ஒன்றும் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாக அதை வைத்துத்தான் இதழ் நடக்கிறது.

நடைவிதிப் பக்கத்தைத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன். பிடோக், ஈசூன், தோ பாயோ என்று ஊர்ப்பெயர்களை எப்படி எழுதுவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு வீவக என்ற சுருக்கம் போதுமா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதுபவர்களோடு வாக்குவாதமே வந்ததில்லை.

சிக்கல் கணக்குகளில் வந்தது. கடவுச்சொற்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆறு மாதம் கழித்துப் புது மடிக்கணினியில் இதழின் ஜிமெயிலைத் திறந்தேன். அது கேட்ட உறுதிப்படுத்தும் எண், அக்காவின் பழைய சிங்கப்பூர் கைப்பேசிக்குப் போயிற்று. அந்த இணைப்பை அவர் எப்போதோ ரத்து செய்துவிட்டார். என் பழைய கணினியில் கணக்கு திறந்தபடியே இருந்ததால்தான் தப்பித்தோம். அதையும் அழித்திருந்தால் வாசகர் கடிதங்கள் எல்லாம் உள்ளேயே மாட்டியிருக்கும்.

ஆகவே, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். முதலில் புதியவரின் கைப்பேசி எண்ணைச் சேர்க்க வேண்டும். பிறகு இதுவரை உள்ளே நுழையாத ஒரு கருவியில் நுழைந்து பார்க்க வேண்டும். அது நடந்த பிறகே பழைய எண்ணை நீக்கலாம். மீட்பு மின்னஞ்சல் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் தரும் பத்து மாற்று எண்களைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும் என்பதால் பயன்படுத்தியதை அடித்துவிடுகிறேன்.

நாள்காட்டியில் இன்னொரு குறை. “தீபாவளி மலருக்குக் கட்டுரைகள் செப்டம்பர் கடைசிக்குள்” என்று அக்கா எழுதியிருந்தார். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, ஒரு மாதம் கையில் இருந்தது. 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியே வந்துவிட்டது. மெய்ப்புப் பார்க்க நேரமில்லாமல் பிழைகளோடு மலர் வெளியானது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது “பண்டிகைக்கு ஆறு வாரம் முன்” என்று மாற்றிவிட்டேன். 2026இல் தீபாவளி நவம்பர் 8, அதனால் கடைசி நாள் செப்டம்பர் 27.

அப்புறம், நிலுவைக் கட்டுரைகள். தலைப்பு மட்டும் இருந்த ஐந்தில் மூன்றை என்னால் வெளியிடவே முடியவில்லை. யார் எழுதியது, எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ஆனால் துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவரின் நினைவுகளுக்குக் கீழே மட்டும், “படங்களுக்கு மகளிடம் அனுமதி கேட்டாயிற்று, பதில் வரவில்லை, கேட்காமல் போடாதே” என்று அக்கா எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மகளைத் தொடர்புகொண்டேன். படங்களோடு அடுத்த இதழிலேயே அது வந்தது.