என் மச்சம் எங்கே போனது?

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் மாடியேறி வந்து, “அக்கா, உங்க போட்டோவ இன்ஸ்டாகிராம்ல பார்த்தேன். மங்கு சுத்தமா போயிடுச்சே!” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் மங்கு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மங்கு இது. எங்கள் ஊரில் இருக்கும் ஒரு அழகு கிளினிக்கின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனேன். படத்தின் இடது பக்கத்தில் கன்னம் கறுத்த ஒரு பெண், வலது பக்கத்தில் அதே பெண் பளிச்சென்று. கீழே ‘8 வாரத்தில்’ என்று போட்டிருந்தார்கள். நடிகை படமாக இருந்திருந்தால் நகர்ந்து போயிருப்பேன். பார்த்தால் நம் தெருக்காரி மாதிரி இருந்தாள், அதனால் நம்பினேன். ஆறு சிட்டிங், 18,000 ரூபாய். முதல் நாள் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆறாவது சிட்டிங் முடிந்தும் எனக்குத் தெரிந்து எந்த வித்தியாசமும் இல்லை. கேட்டால், “உங்க ஸ்கின் டைப் அப்படி மேடம், இன்னும் நாலு சிட்டிங் போட்டா தெரியும்” என்றார்கள். நான் போகவில்லை. அவர்களும் கடைசியாக ஒரு படம் எடுக்கவில்லை.

அப்புறம் எப்படி ‘சிகிச்சைக்குப் பிறகு’ என்று என் படம் வந்தது? கீழ்வீட்டுப் பெண்ணின் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முதல் நாள் எடுத்த அதே படம்தான். அன்று பொட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. வலது பக்கத்திலும் அதே அளவு சாய்ந்திருக்கிறது. காதோரம் பிரிந்து நின்ற மூன்று முடிகூட அதே வளைவில் நிற்கிறது. இரண்டு மாத இடைவெளியில் எடுத்த படங்களில் முடி அப்படி இழைக்கு இழை ஒத்துப்போகாது.

அதைவிடப் பெரிய கூத்து, என் இடது கண்ணுக்குக் கீழே பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் வலது பக்கப் படத்தில் இல்லை. மங்குக்குச் செய்யும் சிகிச்சையில் மச்சம் எப்படிப் போகும்? கறுப்பாக இருந்ததையெல்லாம் துடைத்தவர் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். கன்னத்தில் ஒரு துவாரம்கூட இல்லை, மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. சிட்டிங் நடந்தது கன்னத்தில் மட்டும்தான். படத்திலோ கழுத்தும் காதும் வெளுத்திருக்கின்றன, பின்னால் இருந்த சுவரும் வெளுத்திருக்கிறது. சுவருக்கு எத்தனை சிட்டிங் கொடுத்தார்களோ!

என்னை அங்கே இழுத்துப்போன பழைய விளம்பரத்தை அன்று இரவே தேடி எடுத்தேன். புருவத்தின் மேல் குறுக்கே விழுந்த ஒரு முடி, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில். எட்டு வாரமாக அந்த முடி அசையவே இல்லை. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் நம் கண் போவதெல்லாம் கன்னத்துக்குத்தான். நமக்கு எது கவலையோ அதை மட்டும்தான் பார்க்கிறோம். ஆகவே இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் கன்னத்தை விட்டுவிடுங்கள். முடி, காது, மச்சம், தழும்பு, பின்னால் இருக்கும் சுவர், இவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சமும் கோணமும் ஒன்றாக இருப்பது தப்பில்லை; ஒழுங்காகப் படம் எடுக்கிறவர்களும் அப்படித்தான் எடுப்பார்கள். முடிகூட மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இடது பக்கத்தில் கறுப்பைக் கூட்டி வரைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினேன். மங்கு மாதக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும், வெயில் பட்டால் திரும்ப வரும், அதனால் சன்ஸ்கிரீனை விடக்கூடாது என்றார். இதை எந்தப் படத்தில் காட்ட முடியும்?

கிளினிக்குக்குப் போய்க் கேட்டதற்கு நான் கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினார்கள். ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது, என் முகத்தைத் திருத்தி நடக்காததை நடந்ததாகக் காட்டலாம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாரும் பண்றதுதான் மேடம்” என்றார் மேனேஜர். அனுமதியைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் குற்றம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்பு இரண்டு விளம்பரங்களையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள், ஏனென்றால் மறுநாளே என் படத்தை நீக்கிவிட்டார்கள்.

கீழ்வீட்டுப் பெண் அன்று மாடியேறி வந்ததற்குக் காரணம் வேறு. என் படத்தைப் பார்த்து, “நம்ம அக்காவுக்கே போயிடுச்சு” என்று 3,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டு, எத்தனையாவது சிட்டிங்கில் வித்தியாசம் தெரிந்தது என்று கேட்க வந்திருக்கிறாள். அந்தப் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. புருவத்தில் முடி விழுந்த அந்தப் பெண்ணின் விளம்பரம் இன்று காலையும் ஓடிக்கொண்டிருக்கிறது.